எறும்பு நடக்கும் தண்ணீர்

தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவே பால் பாத்திரத்தை வைப்பது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் வேலை. எறும்பால் தண்ணீரைத் தாண்ட முடியாது என்பது அதற்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கை. பெரும்பாலான நாட்களில் அது பலிக்கவும் செய்கிறது. ஆனால் சில காலைகளில் தட்டுத் தண்ணீர் அப்படியே இருக்கும், பூனைக்கு வைத்த மீன் சோற்றில் எறும்பு மொய்த்திருக்கும். பால்பாட்டிலின் மூடி வளையத்துக்குள் நாலைந்து சுற்றிக்கொண்டிருக்கும். வீட்டில் உள்ளவர்கள் உடனே தண்ணீரை இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்கள். ஆழம் போதவில்லை என்று நினைப்பதுதான் இயல்பு. உண்மையில் எறும்புக்கு ஆழம் ஒரு பொருட்டே இல்லை. அது தண்ணீருக்குள் இறங்குவதே இல்லை, மேலேயே இருக்கிறது.

சமையலறையில் நாம் அதிகம் பார்க்கும் எறும்புகளில் பல இரண்டு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாதவை. தலை கறுத்து, வயிறும் கால்களும் வெளிறி, ஓடும்போது மட்டும் கண்ணில் படுகிற ஒன்று இருக்கிறது. டாபினோமா மெலனோசெஃபாலம் என்று அதற்குப் பெயர், இனிப்பென்றால் விடாது. இன்னொன்று மஞ்சள் நிறத்தில், சுவர் விரிசலிலும் சுவிட்ச் பெட்டிக்குள்ளும் குடியிருக்கும் பாரோ எறும்பு. இப்படி ஓர் எறும்பின் எடை அரை மில்லிகிராம்கூடத் தேறாது. தண்ணீரின் மேற்பரப்போ, மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால் எப்போதும் விறைப்பாக நிற்கிறது. பள்ளிப் பாடத்தில் பரப்பு இழுவிசை என்று படித்தது இதுதான். நனையாத ஒரு மெல்லிய குச்சியைத் தண்ணீர்மேல் படுக்க வைத்தால், அதன் நீளத்தில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் சுமார் 14 மில்லிகிராம் எடையை அந்தப் பரப்பு தாங்கும். எறும்பின் உடலெங்கும் மெழுகுப் பூச்சு இருப்பதால் அதுவும் எளிதில் நனையாது. ஆக, அதன் கால்கள் தண்ணீரைத் தொடும் நீளம் ஒரு மில்லிமீட்டர்தான் என்று வைத்துக்கொண்டாலும், தேவையைப் போல முப்பது மடங்கு தாங்கும் வலிமை அங்கே இருக்கிறது.

மிதப்பது வேறு, கடப்பது வேறு. மிதக்கும் எறும்புக்குப் பிடித்து நகர எதுவும் கிடைப்பதில்லை என்பதால் பல எறும்புகள் ஒரே இடத்தில் துடித்துக்கொண்டு கிடக்கும். தட்டுத் தண்ணீர் என்ற அகழி பல நாட்கள் வேலை செய்வதற்குக் காரணம் இந்தத் தவிப்புதான். ஆனால் எல்லா எறும்பும் அப்படியல்ல. பனாமா காட்டு மரங்களில் வாழும் எறும்புகளைத் தண்ணீரில் விட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2014ல் வெளிவந்தது. சோதித்த இனங்களில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு வகையில் கரையை நோக்கி நகர்ந்தன; சில, கால்களைத் துடுப்புப் போட்டு நன்றாகவே நீந்தின. அப்படி நீந்தத் தெரியாத எறும்புக்கும் மின்விசிறிக் காற்று போதும், தட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். இரண்டு நாள் மாற்றாத தண்ணீரில் தூசும் பூனை முடியும் படிந்துவிட்டால் கால் வைக்கவும் இடம் கிடைத்துவிடுகிறது.

ஆகவே செய்ய வேண்டியது, அந்த விறைப்பைக் குலைப்பது. ஒரு கிண்ணத் தண்ணீரில் மஞ்சள் தூளை லேசாகத் தூவுங்கள். அது மேலேயே பரவி நிற்கும். சோப்பைத் தொட்ட விரல்நுனியை நடுவில் வையுங்கள். தூள் விளிம்புக்கு ஓடும், கொஞ்ச நேரத்தில் ஒரு பகுதி கீழே இறங்கவும் தொடங்கும். சோப்பு கலந்த தண்ணீரின் பரப்பு இழுவிசை வெறும் தண்ணீரில் இருப்பதில் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. அதைவிட முக்கியமான மாற்றம் ஒன்றும் நடக்கிறது. சோப்புத் தண்ணீர் மெழுகை நனைத்துவிடும். உடல் நனைந்த எறும்பை மேற்பரப்பு தாங்காது, மூழ்கிவிடும். நெருப்பெறும்புகள் வெள்ளத்தில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு தெப்பமாக மிதப்பது பலருக்குத் தெரிந்திருக்கும். அந்தத் தெப்பமும் இதே விறைப்பையும் நனையாத உடலையும் நம்பித்தான் நிற்கிறது.

எவ்வளவு சோப்பு என்பதில்தான் பலருக்குத் தவறுகிறது. ஒரு சொட்டு விட்டால் போதும் என்று சொல்வார்கள். சின்னக் கிண்ணத்துக்கு அது சரி. 24 சென்டிமீட்டர் அகலத் தட்டின் நடுவில் 12 சென்டிமீட்டர் அகலக் கிண்ணம் இருந்தால், சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஏறத்தாழ 340 மில்லிலிட்டர் தண்ணீர் பிடிக்கும். அவ்வளவு தண்ணீரில் ஒரு சொட்டு கரைந்து போய்விடும். எறும்பு கொஞ்சம் தடுமாறும், மூழ்காது. பாத்திரம் கழுவும் திரவ சோப்பில் கால் தேக்கரண்டி வேண்டும். நுரை வர அடிக்கக் கூடாது, மெதுவாகக் கலக்க வேண்டும். நுரை காய்ந்தால் அதுவே தட்டின் ஓரத்தில் ஒரு படியாகிவிடும்.

இனி அமைப்பைப் பார்ப்போம். மே மாதச் சென்னையில் இரண்டாவது மாடி வீடு ஒன்று, நான்கு மாதக் குழந்தை, ஒரு பூனை என்று வைத்துக்கொள்வோம். பூனைக்கு மாலை ஆறு மணிக்கு மீன் சோறு. தட்டின் நடுவில் ஒரு கனமான சிறு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் பூனையின் எவர்சில்வர் கிண்ணத்தை வைக்கிறார்கள். கவிழ்த்த கிண்ணம் பீடம். உணவுக் கிண்ணத்தின் அடி தண்ணீருக்கு மேலே ஒரு சென்டிமீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும். பீடத்துக்கும் தட்டின் ஓரத்துக்கும் நடுவே ஆறு சென்டிமீட்டர் தண்ணீர் இருப்பதால் இடைவெளி போதுமானது. மூன்று சென்டிமீட்டருக்குக் குறைந்தால் ஒரு பூனை முடியோ ஒரு சோற்றுப் பருக்கையோ பாலமாகிவிடும். தட்டு சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. எறும்புக்குத் தரையும் சுவரும் ஒன்றுதான். உணவுக் கிண்ணத்தின் விளிம்பு சுவரில் சாய்ந்திருந்தால் கீழே எத்தனை அகழி இருந்தும் பயனில்லை. திரைச்சீலை, செடியின் இலை, தொங்கும் சார்ஜர் ஒயர் எல்லாம் அதே வகை.

இந்த வீட்டில் முதல் நாள் அகழி நன்றாக நின்றது. மூன்றாம் நாள் தோற்றது. தண்ணீர் மட்டம் குறைந்திருந்தது என்பது ஒரு காரணம். கோடையில் காற்றுப் படும் இடத்தில் ஒரு நாளில் அரை சென்டிமீட்டர் வரை ஆவியாகிவிடும்; தட்டின் ஓரம் லேசாகச் சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் சீக்கிரமே வறண்டுவிடும். ஆனால் பெரிய காரணம் தட்டுக்கு வெளியே இருந்தது. மீன் சோற்றைக் கிண்ணத்தில் போடும்போது இரண்டு பருக்கை தரையில் விழுந்திருந்தது. பூனை வாயில் எடுத்து உதறித் தின்றதில் அகழிக்குள்ளும் சில துண்டுகள் விழுந்திருந்தன.

எறும்பு கூட்டமாக வரும் முறையைப் பார்த்தால் இந்தத் தோல்வி புரியும். முதலில் வருவது தனியாக அலையும் ஒரு சாரணர் எறும்பு. அதற்கு உணவு கிடைத்தால் திரும்பிப் போகும் வழியெல்லாம் வயிற்றைத் தரையில் தொட்டு வேதிப்பொருள் ஒன்றைத் தடவிக்கொண்டே போகும். அந்த வாசத்தைப் பிடித்து வரும் ஒவ்வொன்றும், உணவு கிடைத்தால் தானும் தடவும். வழி வலுப்படுகிறது, கூட்டம் பெருகுகிறது. உணவு தீர்ந்துவிட்டால் தடவுவது நிற்கும், வாசம் மங்கும். பாரோ எறும்பின் வழித்தடத்தில் ஒரு பகுதி சில நிமிடங்களிலேயே மங்கிவிடும், ஆனால் அதே எறும்புக்கு நீண்ட நேரம் நிலைக்கும் இன்னொரு தடமும் இருக்கிறது. நேற்று உணவு கிடைத்த இடத்தை இன்று மீண்டும் தேடி வருவது அதனால்தான்.

அகழிக்கு முன்னால் தனியாக வரும் சாரணர் எறும்பு தடுமாறித் திரும்பிவிடும். தரையில் கிடந்த பருக்கையால் அழைத்து வரப்பட்ட நூறு எறும்புகள் அகழியின் ஓரத்தில் நின்றால் கதை மாறுகிறது. முதலில் போனவை மூழ்கும், பின்னால் வருபவை அவற்றின் மேல் ஏறும். விழுந்த மீன் துண்டு ஒரு தீவு. அமெரிக்காவில் பரவிய கறுப்பு நெருப்பெறும்பைப் பற்றி 2020ல் வெளிவந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணத்தில் சோப்புப் போன்ற பொருளைக் கலந்து மூழ்கும் அபாயத்தை உண்டாக்கியபோது, அந்த எறும்புகள் மணல் பருக்கைகளைக் கொண்டுவந்து கிண்ணத்தின் உள்பக்கச் சுவரில் அடுக்கின. மணலின் ஊடே தண்ணீர் ஏறி வெளியே கசிய, அதைப் பாதுகாப்பாகக் குடித்தன. நம் வீட்டு எறும்புகள் இதைச் செய்யும் என்று சொல்லவில்லை. ஆனால் எறும்புக் கூட்டத்துக்கு முன்னால் அகழி ஒரு தாமதம்தான். அகழி சாரணரை நிறுத்தும்; கூட்டத்தை நிறுத்துவது துடைக்கும் துணி.

ஆகவே அந்த வீட்டில் செய்தது இதுதான். பூனை சாப்பிட்டு முடித்த அரை மணி நேரத்தில் கிண்ணத்தை எடுத்து, சோப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவினார்கள். கிண்ணத்தின் உட்புறம் வழவழவென்று ஒட்டினால் அது பாக்டீரியாப் படலம். வெறும் தண்ணீரில் அலசினால் போகாது, தேய்த்துத்தான் ஆக வேண்டும். மீதிச் சோற்றை மூடிய குப்பைத் தொட்டியில் போட்டு, தட்டைச் சுற்றி ஒரு கை நீளத்துக்குத் தரையைச் சோப்புத் துணியால் துடைத்தார்கள். எறும்பு வந்த தடம் சுவர் விரிசல் வரை தெரிந்ததால் அதுவரை துடைத்தார்கள். அகழித் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்பினார்கள். உலர் தீவனம் வைக்கும் வீடுகளில் நாள் முழுவதும் கிண்ணம் கிடப்பதால் இந்த ஒழுங்கு கைகூடுவதில்லை. அவர்களும் காலை, மாலை என்று நேரம் வைத்து, அரை மணி நேரம் கொடுத்து எடுத்துவிடுவது நல்லது. ஈர உணவை வெயில் காலத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. எறும்பு வராவிட்டாலும் கெட்டுப்போகும்.

அகழியில் எதைக் கலக்கக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருக்க வேண்டும். பூனை தான் நடக்கும் இடத்தையெல்லாம் பிறகு நாக்கால் நக்கும். பினாயில், தரை துடைக்கும் திரவம், யூகலிப்டஸ் தைலம், கிராம்புத் தைலம் இவற்றில் உள்ள பொருட்களைப் பூனையின் ஈரலால் சரிவர முறிக்க முடியாது. எறும்புச் சாக்பீஸில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்தும் பூனைக்கு ஆபத்தானது. தவழும் குழந்தைக்கும் கோடு போட்ட தரை விளையாட்டு மைதானம்தான். உங்கள் பூனையோ நாயோ அகழியிலேயே குடிக்கும் பழக்கம் உள்ளது என்றால் சோப்பையும் விட்டுவிடுங்கள். வெறும் தண்ணீரைத் தினம் இரண்டு முறை மாற்றினால் தூசுப் படலம் சேராமல் பாதி வேலை நடக்கும். குடிக்கும் தண்ணீரைத் தள்ளி வேறு இடத்தில் வைத்துவிட்டால் அகழியின் மேல் அதற்கு நாட்டமும் குறையும்.

பால்பாட்டில் கதை வேறு. கழுவிய பாட்டிலுக்கு அகழி தேவையே இல்லை என்ற நிலைக்குக் கொண்டுவருவதுதான் நோக்கம். எறும்பு வருவது கண்ணாடிக்காகவோ பிளாஸ்டிக்குக்காகவோ அல்ல, மூடி வளையத்தின் மரைக்குள் காய்ந்திருக்கும் பாலுக்காக. ஃபார்முலா பால் ஒரு சொட்டில் மூன்று மில்லிகிராம் அளவு சர்க்கரை இருக்கும். அரை மில்லிகிராம் எடையுள்ள எறும்புக்கு அது பல நடை வேலை, கூட்டத்தைக் கூப்பிடத் தகுந்த அளவு. வெளியே பளிச்சென்று இருக்கும் பாட்டிலில் எறும்பு ஏறினால், வளையத்தைக் கழற்றி உள்விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். பிசுபிசுப்பு கையில் படும்.

குழந்தை குடித்து முடித்த உடனே பாட்டில், வளையம், நிப்பிள், மூடி எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழற்ற வேண்டும். முதல் அலசல் ஆறிய தண்ணீரில். கொதிநீரை நேராக ஊற்றினால் பால் புரதம் உறைந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு வெந்நீரும் சோப்பும், பாட்டிலுக்கென்றே வைத்த பிரஷும். வளையத்தின் மரைக்குச் சிறிய பிரஷ் ஒன்று தனியாக வேண்டும். சிங்க்கில் போட்டுக் கழுவாமல், இதற்கென்று ஒதுக்கிய பாத்திரத்தில் கழுவுவது நல்லது. சிங்க்கின் வடிகுழாய்ப் பகுதியில் இருக்கும் கிருமிகள் பாட்டிலுக்கு வரக் கூடாது. இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கும், குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் தினம் ஒரு முறை ஐந்து நிமிடம் கொதிக்க வைக்க வேண்டும். பிறகு துணியால் துடைக்காமல் காற்றில் முழுவதும் உலர விட வேண்டும்.

இந்த உலர்த்தும் நேரத்தில்தான் கோடையில் ஒரு சங்கடம். பால் துளிகூட இல்லாத ஈரப் பாட்டிலிலும் எறும்பு வரும், தண்ணீருக்காக. அப்போது மட்டும் அகழி உதவும். பாட்டில் ஸ்டாண்டின் நான்கு கால்களையும் நான்கு சிறு கிண்ணங்களில் வைத்து, சோப்புத் தண்ணீர் ஊற்றுங்கள். ஸ்டாண்ட் சுவரைத் தொடக் கூடாது. உலர்ந்ததும் பாகங்களைச் சேர்த்து இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் வைத்துவிட்டால் அகழியை எடுத்துவிடலாம்.

கலந்து வைத்த பாலை அகழியில் காக்க நினைப்பது தவறு. ஃபார்முலா பாலைக் கலந்த இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். குழந்தை ஒரு வாய் குடித்துவிட்டால் ஒரு மணி நேரம்தான். மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். எறும்பு விழுந்த பாலை வடிகட்டிக் கொடுப்பது பல வீடுகளில் நடக்கிறது. செய்யவே கூடாது. 1972ல் லான்செட் இதழில் எஸ். எச். பீட்சன் வெளியிட்ட ஆய்வு, மருத்துவமனைகளில் சுற்றிய பாரோ எறும்புகளின் மேல் நோய்க்கிருமிகள் இருந்ததைக் காட்டியது. காயத்துக்கும் கழிவுக்கும் உணவுக்கும் ஒரே எறும்பு போய்வருகிறது. எறும்பை எடுத்துவிடலாம், அது விட்டுப்போனதை வடிகட்டியால் எடுக்க முடியாது.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். தாய்ப்பால் பீய்ச்சிக் கொடுக்கவும் ஃபார்முலா கொடுக்கவும் பாட்டில்தான் வேண்டும் என்பதில்லை. பாலாடையும் சிறு கிண்ணமும் மரை இல்லாதவை, மடிப்பு இல்லாதவை, ஒரு நிமிடத்தில் கழுவி முடிக்கலாம், எறும்பு ஒளிய இடம் இல்லை. பாட்டில் விளம்பரத்தை 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்தியா தடை செய்ததன் பின்னணியில் இருந்த கவலைகளில் பாட்டிலைச் சுத்தமாக வைப்பதன் சிரமமும் ஒன்று. கழுவ முடியாத சூழலில் இருக்கும் தாய்க்குப் பாலாடையைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

கடைசியாக, அகழியின் பெரிய ஆபத்து எறும்பு இல்லை, கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி, தேங்கிய தண்ணீர்க் கிண்ணம் சின்னதாக இருந்தாலும் முட்டையிடும். சிங்கப்பூரில் 1960களின் கடைசியில் ஏடிஸ் வளர்ந்த பாத்திரங்களைத் தேடிக் கணக்கெடுத்தபோது, உணவு அலமாரிக் கால்களுக்குக் கீழே வைத்த எறும்புக் கிண்ணங்கள்தான் முன்வரிசையில் இருந்தன. முட்டையிலிருந்து கொசு பறக்க வெப்பமான நாட்களில் ஒரு வாரம் பத்து நாள் போதும். தண்ணீரை மட்டும் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றுவதும் போதாது. கொசு முட்டையைத் தண்ணீருக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான சுவரில் ஒட்டி வைக்கும். அந்த முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அகழியை வாரம் ஒரு முறை கொட்டி, தண்ணீர் நின்ற கோட்டைத் தேய்ப்பானால் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். சோப்புத் தண்ணீர் இங்கேயும் கை கொடுக்கிறது. கொசுப் புழு தண்ணீரின் மேற்பரப்பைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கித்தான் மூச்சு விடுகிறது. விறைப்பில்லாத பரப்பில் அதனால் தொங்க முடியாது. ஆனாலும் சோப்பு இருக்கிறதென்று வாராந்திரத் தேய்ப்பை விட்டுவிடாதீர்கள். மழைச்சாரல் படும் பால்கனியில் அகழி இரண்டே நாளில் வெறும் தண்ணீராகிவிடும்.

வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகும்போது எல்லா அகழிகளையும் கொட்டி, தேய்த்து, கவிழ்த்து வைத்துவிட்டுப் போக வேண்டும். பூனையைப் பார்த்துக்கொள்ள அக்கம்பக்கத்தவர் வருகிறார் என்றால், அவரிடம் சொல்ல வேண்டியது உணவு அளவு மட்டுமல்ல: கிண்ணத்தை அரை மணியில் எடுக்கச் சொல்லுங்கள், தட்டுத் தண்ணீரை அன்றன்றே கொட்டச் சொல்லுங்கள்.